நிறுத்தவா, நிறுத்தலாமா?

நான் வேலை பார்க்கும் மில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருக்கிறது. டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு ஸ்பின்னிங் மெஷினிலிருந்தும் நூல் எடுத்து, நூற்றிருபது கெஜம் சுற்றி, எடை போட்டு, அந்த நூல் எவ்வளவு மெல்லிசு என்று பார்ப்பது என் வேலை. அந்த அளவுக்குக் கவுண்ட் என்று பெயர். கவுண்ட் கூடினால் நூல் மெல்லிசு, குறைந்தால் தடிமன். அறையில் ஒரு தராசு, ஒரு சுற்றுமெஷின், ஒரு நோட்டு, நான்.

எங்கள் எல்லோருக்கும் மேலே மாஸ்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதே மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஒவ்வொரு மெஷினையும் கழற்றி மாட்டி, படிப்படியாக மேலே வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வருவார். நான் சேர்ந்த முதல் வாரமே எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"மெஷின் சத்தத்துல போன் பேசினா ஒரு எழவும் கேக்காது. எதுன்னாலும் வாட்ஸாப்புல போடுங்க. தமிழ் எழுத்துல போடுங்க. இந்த இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதுறத வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஷிஃப்டே முடிஞ்சிருது."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. தமிழ்தானே! சேத்தூரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, வீட்டிலும் பஸ்ஸிலும் தமிழில் பேசுகிறவளுக்குத் தமிழில் இரண்டு வரி எழுத என்ன கஷ்டம்?

முதல் மெசேஜ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினேன். முந்தின நாளிலிருந்து எனக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே தட்டினேன்: "சார் இன்னைக்கு வரமாட்டேன். காச்சல்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் போனபோது மாஸ்டர் கோபமாக இல்லை. ஆனால் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிராமல் கேட்டார். "வரமாட்டேன்னா? முடிவு சொன்னியா, இல்ல என்கிட்ட கேட்டியா?"

"காய்ச்சல் சார். அதான்..."

"காய்ச்சல்னா வர முடியல. வரமாட்டேன்னா, கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு அர்த்தம்." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். "நாளைக்கு கல்யாணத்துக்கு வரமாட்டேன், வேலை கெடக்கு" என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதே சொல் எழுத்தில், அதுவும் மேலே இருக்கிறவர் கையில் போய் விழும்போது, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதுபோல ஆகிவிட்டது. நேரில் சொல்லியிருந்தால் என் குரலும் முகமும் அதைச் சரிக்கட்டியிருக்கும். போனில் அந்த ஒற்றைச் சொல் மட்டும்தான் போனது.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு நாள் லீவு வேண்டும். இந்த முறை தப்பு பண்ணக் கூடாது என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் போலீசில் இருக்கிறான். ஸ்டேஷனில் மனு, அறிக்கை எல்லாம் அவன்தான் எழுதுவான் என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

"ஏட்டி, பெரிய ஆளுக்கு எழுதுறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. போனைக் குடு," என்றான். சோற்றுக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு இடது கையின் ஒரு விரலால் தட்டினான்.

"ஐயா, எனது தாயாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடைபெற உள்ளதை முன்னிட்டு, எதிர்வரும் புதன்கிழமை அன்று ஒரு நாள் விடுப்பு வழங்கி உதவுமாறு தங்கள் சமூகத்தைப் பணிந்து வேண்டுகிறேன். மேற்படி விபரத்தைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்."

வாசித்தபோது எனக்கே முதுகு நிமிர்ந்தது. அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் மாஸ்டரே போன் பண்ணினார். போனே வேண்டாம் என்கிறவர். "என்னம்மா, யாரு மேலயும் புகாரா?" என்று பதறினார். "யாரும் எதுவும் சொன்னாங்களா? எங்கிட்ட நேர்ல சொல்லு. வேலைய விட்டுட்டுப் போறியோ?"

"இல்ல சார். லீவு கேட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்."

"லீவா? அத லீவுன்னே சொல்ல வேண்டியதுதான? மேற்படின்னு பாத்ததும் எனக்கு கைகால் ஓடல. போ, அம்மாவப் பாத்துக்க," என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். "மரியாதைன்னா அப்படித்தான் இருக்கும். அவியளுக்குத் தெரியல," என்று சொல்லிவிட்டுத் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் ஆர்வம் வந்தது. முதல் மெசேஜில் மரியாதை குறைந்தது. இரண்டாவதில் மரியாதை வழிந்து, சொல்ல வந்ததையே மூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழ் இருக்கத்தானே வேண்டும்? அது எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அது அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அண்ணன் தமிழ். வீட்டில் பேசக் கற்றேன். அது வரமாட்டேன் தமிழ். இந்த நடுத்தமிழை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் மில்லில் அதைச் சரியாக எழுதுகிற ஒருத்தி இருந்தாள். டைம் ஆபீசில் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் லீவு என்று பதிகிறவள். என் வயதுதான். ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் மெசேஜுக்கு மாஸ்டர் உடனே பதில் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவளுடைய மெசேஜ்களைக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

ஒன்றும் விசேஷமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"வணக்கம் சார். இரண்டாம் ஷிஃப்டில் இன்று மூன்று பேர் வரவில்லை. மாற்று ஆள் ஒருவர்தான் இருக்கிறார். என்ன செய்யலாம் என்று சொல்கிறீர்களா?"

"இத எப்படி எழுதுன?" என்றேன்.

"எப்படின்னா? வாயால எப்படிச் சொல்லுவேனோ அதுதான். 'என்ன செய்யலாம்னு சொல்றீங்களா'ன்னு கேப்பேன். எழுதறப்ப அந்த வாலை முழுசா எழுதுவேன். சொல்றீங்களா, சொல்கிறீர்களா. சொல்ல மாத்த மாட்டேன், வாலை மட்டும் மாத்துவேன்."

"வாலா?" என் லீவு மெசேஜை அவளிடம் காட்டினேன்.

"ஆமா. நீ என்ன பண்ற, சொல்லையே மாத்திருத. லீவை விடுப்பாக்கி, அம்மாவைத் தாயாராக்கி, உங்கள தங்களாக்கி. வீட்டுல அம்மான்னு கூப்பிடுறவ திடீர்னு தாயார்னா, அவருக்கு யாரோ வேற ஆளு பேசுற மாதிரி இருக்காதா?"

அவள் ஒன்று சொன்னாள், அதை நான் பல நாள் யோசித்தேன். "எங்களுக்குப் பேசறது தெலுங்கு, எழுதறது தமிழ். எழுத உக்காந்தாலே நான் யோசிச்சுத்தான் எழுதுவேன். உங்களுக்குப் பேச்சும் தமிழ், எழுத்தும் தமிழ். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு அப்படியே கொட்டிருதீங்க."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கண்ணில் படுகிற தமிழையெல்லாம் வாலைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோயிலுக்குப் போய்விட்டு, அவள் வீட்டுக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் இருக்கைக்கு மேலே எழுதியிருந்தது: சரியான சில்லறை தரவும். இறங்கி நடந்தால், காலணிகளை இங்கே விடவும். வரிசையில் வரவும். அமைதி காக்கவும். பால்கோவாக் கடையில், டோக்கன் பெற்றுக்கொள்ளவும்.

"எல்லாமே வும் வும்னு முடியுது பாத்தியா?" என்றேன்.

"போர்டுல அப்படித்தான் போடுவாங்க. போர்டு யாரப் பாத்துப் பேசுது? யாரையும் பாக்கல. வர்றவன் போறவன் எல்லாருக்கும் ஒரே உத்தரவு," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் மாஸ்டருக்கு, "ரிப்போர்ட் அனுப்பியுள்ளேன். பார்க்கவும்" என்று போட்டிருந்தேன். மரியாதையாக எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போர்டு மாதிரிப் பேசியிருக்கிறேன். மேலே இருக்கிறவர் கீழே அனுப்பினால் "பார்க்கவும்" சரி. கீழே இருந்து மேலே போனால் அது உத்தரவு.

"அப்போ என்ன போடணும்?"

"ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன் சார். பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா? போதும்."

"பார்த்துவிட்டுச் சொல்ல முடியுமான்னு போட்டா இன்னும் மரியாதையா இருக்காது?"

அவள் டோக்கனைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். "தெரியல. எனக்கு என்னமோ, முடியுமான்னு கேட்டா, முடியாம போயிருமோன்னு சந்தேகப்படுற மாதிரி இருக்கு. சொல்கிறீர்களான்னா கேக்குறதும் இருக்கு, செய்வாருன்னு நம்புறதும் இருக்கு."

எங்கள் டோக்கன் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, கடைக்காரர், "ஏம்மா, பேசி முடிச்சிட்டு வாங்குறீங்களா?" என்றார். அவரும் "வாங்கவும்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

இதெல்லாம் எனக்கு ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது, அந்த வியாழக்கிழமை வரை.

அன்று மாஸ்டர் கோயம்புத்தூரில் இருந்தார். புது மெஷின் பற்றி அங்கே இரண்டு நாள் பயிற்சி. போனை எடுக்க முடியாது, மெசேஜ் போட்டால் நடுநடுவே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் வழக்கம்போல ஏழாம் நம்பர் மெஷினின் நூலை எடைபோட்டேன். அதில் ஓட வேண்டியது நாற்பதாம் கவுண்ட். எனக்கு வந்தது முப்பத்தெட்டே அரைக்கும் கொஞ்சம் கீழே, 38.4.

தராசுதான் கோளாறு என்று நினைத்தேன். எடைக்கல் வைத்துச் சரிபார்த்தேன். தராசு சரி. வேறு நாலு பாபின் எடுத்து வந்து மறுபடி போட்டேன். 38.4. இன்னொரு தடவை. அதேதான்.

மெஷினுக்கு ஓடினேன். நூல் எவ்வளவு மெல்லிசாக வர வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு பல்சக்கரம் தீர்மானிக்கும். பினியன் என்போம். அதை மாற்றினால் கவுண்ட் மாறும். நாற்பதுக்கு நாற்பத்தெட்டுப் பல் பினியன் போடுவது வழக்கம். மெஷினில் இருந்தது ஐம்பது பல். ஃபிட்டரிடம் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். மாஸ்டரின் கையெழுத்து. மெஷின் ஏழு, பினியன் ஐம்பது. புறப்படுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் சீட்டைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர் எழுதுன சீட்டு. நான் கை வைக்க மாட்டேன். நூல வேணும்னா தனியா எடுத்து வச்சிருதேன். மெஷின நிப்பாட்டணுமான்னு நீயே கேட்டுக்க."

தடித்த நூலும் மெல்லிய நூலும் கலந்து போய்விட்டால், நெய்த துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மேலே இருக்கிறவர் எழுதிக் கொடுத்ததில் ஏதோ சரியில்லை என்று, அவர் ஊரில் இல்லாதபோது, மெசேஜில், நான் சொல்ல வேண்டும்.

டைம் ஆபீசுக்கு ஓடினேன். அவளிடம் போனைக் காட்டினேன். முதலில் தட்டியிருந்தது இதுதான்: "சார் ஏழாம் மெஷினுக்கு தப்பான பினியன் எழுதிட்டீங்க. கவுண்ட் எறங்கிருச்சு. மெஷின நிப்பாட்டவா?"

"அனுப்பிட்டியா?" என்று பதறினாள்.

"இன்னும் இல்ல."

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவரு வேணும்னே மாத்தியிருந்தா? புது ஆர்டர் வந்திருந்தா?"

அது என் மூளையில் ஏறவே இல்லை. உண்மைதான். எனக்குத் தெரிந்தது மூன்று விஷயம்: கவுண்ட் இவ்வளவு, பினியன் இவ்வளவு, சீட்டில் இவ்வளவு. தப்பு என்பது நானாகச் சேர்த்தது.

அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். பயத்தில் கை தானாக அண்ணன் தமிழுக்குப் போனது: "தவறான பினியன் பொருத்தப்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது. உரிய அறிவுரை வழங்கவும்."

அவள் வாசித்துவிட்டு, "யாரு பொருத்துனாங்கன்னே இல்லாம, ஆளே இல்லாத ஊரு மாதிரி இருக்கு. வழங்கவும்னு போர்டு வேற," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் கொஞ்சம் விட்டது.

பிறகு இருவரும் ஒவ்வொரு வரியாக எழுதினோம். நாற்பது என்பதை எழுத்தில் எழுதுவதா எண்ணில் எழுதுவதா என்றுகூடப் பேசினோம். எண்தான், சட்டென்று கண்ணில் படும் என்றாள். கடைசி வரியில் வந்து நின்றோம். "நிறுத்தவா" என்று நான் எழுதியிருந்தேன்.

"நிறுத்தவான்னா, நான் ரெடியா கைய வச்சுக்கிட்டு நிக்கேன், ஆமா இல்லன்னு சொல்லுங்கங்கிற மாதிரி," என்றாள்.

"நிறுத்தட்டுமா?"

"அதுவும் உன் கைதான்."

"நிறுத்தலாமா?"

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "இது நல்லா இருக்கு. முடிவு அவர்கிட்ட இருக்கு."

அனுப்பியது இதுதான். இன்னும் என் போனில் இருக்கிறது.

"வணக்கம் சார். ஏழாம் மெஷினில் இன்று காலை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கவுண்ட் 38.4 வருகிறது. அதில் ஓட வேண்டியது 40. தராசைச் சரிபார்த்துவிட்டேன். மெஷினில் இப்போது 50 பல் பினியன் இருக்கிறது. சீட்டிலும் 50 என்று இருக்கிறது. 40க்கு நாம் வழக்கமாக 48 போடுவோம். புது ஆர்டருக்காக மாற்றியிருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா? காலையிலிருந்து வந்த நூலைச் சூப்பர்வைசர் தனியாக வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லும் வரை மெஷினை நிறுத்தலாமா?"

நீளம் என்று தோன்றியது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

ஏழு நிமிஷம் ஆயிற்று. ஒரு கோடு இரண்டாகி, நீலமானது. "எழுதுகிறார்" என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நாங்கள் இருவரும் ஒரே போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டில் யாரோ வருகைப் பதிவுக்கு நின்று, "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

பதில் வந்தது: "நிறுத்து. ஒன்பதாம் மெஷினில் என்ன கவுண்ட் வருது?"

ஒன்பதாம் மெஷினை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஓடிப்போய் ஏழாம் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒன்பதின் நூலை எடுத்து வந்து சுற்றினேன். நாற்பது வந்தது. டைம் ஆபீசுக்குத் திரும்பி வந்து அனுப்பினேன்: "ஒன்பதில் 40 வருகிறது சார்."

உடனே போன் அடித்தது. பின்னால் யாரோ மைக்கில் பேசுகிற சத்தம். மாஸ்டர் வெளியே வந்து பேசினார் போல. "ஒன்பதுலதாம்மா முப்பத்தெட்டு ஓடணும். புது ஆர்டர். ஒன்பதுன்னு எழுத வேண்டியத ஏழுன்னு எழுதிக் குடுத்துட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல." பிறகு, "ஃபிட்டர்கிட்ட சொல்லி ரெண்டையும் மாத்தச் சொல்லு. சூப்பர்வைசருக்கு நான் மெசேஜ் போடுதேன்," என்றார்.

"சரி சார்."

அவர் போனை வைக்கவில்லை. "செத்த நேரம் இரு. முதலாளிக்குச் சொல்லணும். உன் மெசேஜ அப்படியே அனுப்பலாம்னு பாக்கேன். அதுல எல்லாம் இருக்கு. மேல நான் ஒரு வரி போடணும். தப்பு என்னுதுன்னு. தப்புன்னு போடலாமா, வேற எதும் போடணுமா? நீங்க ரெண்டு பேரும்தான் இதுல ஆராய்ச்சி பண்ணுதீங்களாமே!"

அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்: தவறு.

"தவறுன்னு போடலாம் சார்," என்றேன். "தப்புன்னா பேச்சு மாதிரி இருக்கு. பிழைன்னா புஸ்தகம் மாதிரி."

"தவறு," என்று சொல்லிப் பார்த்தார். "சரி. அவர எப்படிக் கூப்பிடுறதுன்னுதான் எனக்கு எப்பவும் பிரச்சினை. பெரிய முதலாளி இருந்த வரைக்கும் ஐயான்னு போட்டேன். இப்ப இருக்க இவரு அவரு மகன், என்னவிடச் சின்ன வயசு, நான் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்ட ஆளு. நேர்ல தம்பின்னு கூப்பிட்டுப் பழகிப்போச்சு. எழுதறப்ப தம்பின்னு போட்டா நல்லாவா இருக்கும்? சார்னு போட்டா எனக்கே வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

எங்களுக்கு மேலே இருக்கிறவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதும், இவரும் நம்மைப்போலவே போனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார் என்பதும் எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"வணக்கம்னு மட்டும் போட்டு ஆரம்பிங்க சார். பேரும் வேண்டாம், முறையும் வேண்டாம். மத்த வரியில நீங்கள், உங்கள்னு வந்தா மரியாதை அதுலயே இருக்கு," என்று என் தோழி போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ம்," என்றார். வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் இரண்டு மெஷினிலும் பினியன் மாறியது. ஏழில் நாற்பது வந்தது. காலையில் வந்த நூலைத் தனியாகக் கட்டி, மேலே என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினோம். அது முப்பத்தெட்டாம் கவுண்ட் ஆர்டருக்கே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. பயந்த அளவுக்கு எதுவும் வீணாகவில்லை.

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். டெஸ்டிங் அறைக்குள் வந்து தராசுப் பக்கத்தில் நின்றார். பாராட்டப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்து, என் மெசேஜைத் திறந்து, ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"இந்த 'நாம்' எதுக்குப் போட்ட?"

அந்தச் சொல்லை நாங்கள் பேசவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தோம், இதை விட்டுவிட்டோம். என்னோடு உன்னைச் சமமாக வைத்துவிட்டாயா என்று கேட்கிறாரோ?

"நீங்கள் வழக்கமாக 48 போடுவீர்கள்னு போட்டா உங்க மேல ஏத்துன மாதிரி இருக்கும்னு... நாங்கள்னு போட்டா உங்கள விட்டுட்டு நாங்க வேற ஆளு மாதிரி... தெரியாமத்தான் சார் போட்டேன். அதுவா வந்திருச்சு."

"நான் தப்பாக் கேக்கல." போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். "தப்பு பண்ணிட்டோம்னு எனக்கு அந்த வரியிலதான் தெரிஞ்சுது. ஆனா திட்டுன மாதிரி இல்ல. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். இந்த ஒரு சொல்லுதான்னு நெனைக்கேன்."

அன்று மாலை தோழியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி. "தெலுங்குலயும் இது இருக்கு. உன்னையும் சேத்துச் சொன்னா மனம். உன்னை விட்டுட்டுச் சொன்னா மேமு. இங்கிலீஷுல பாரு, ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். அவங்க மாஸ்டருக்கு எப்படி மெசேஜ் போடுவாங்க?" என்றாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு சேத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். முதலாளியின் பதிலைக் காட்டினார். மேலே மாஸ்டர் எழுதியது இருந்தது: "வணக்கம். இது நான் எழுதிக் கொடுத்ததில் வந்த தவறு. டெஸ்டிங்கில் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மெஷினையும் சரிசெய்துவிட்டோம். நீங்கள் பார்ப்பதற்காக விவரத்தைக் கீழே அனுப்பியிருக்கிறேன்." கீழே என் மெசேஜ். அதற்குக் கீழே பதில்: "பரவாயில்லைங்கண்ணா. நல்லபடியாக முடிந்ததே."

"அண்ணான்னு போட்டிருக்காரு பாத்தியா?" என்றார். "நேர்ல மாஸ்டர்னுதான் கூப்பிடுவாரு. இத்தனை வருஷத்துல ஒருநாளும் அண்ணான்னு சொன்னதில்ல. எழுத்துல போட்டிருக்காரு. ஏன்?"

தோழி, மற்றவர்கள் முன்னால் கூப்பிடக் கூச்சமாக இருந்திருக்கும், எழுத்தில் யாரும் இல்லையே என்றாள். நான், நீங்கள் எதுவும் போடாமல் விட்டதால் அந்த இடத்தை அவர் நிரப்பியிருப்பார் என்றேன். மாஸ்டர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். "இப்ப நான் திரும்ப எழுதறப்ப தம்பின்னு போடலாமா, போடக் கூடாதா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஜன்னலின் இரண்டு பக்கமும் நின்று அதைப் பேசிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். என்ன எழுதினார் என்று பிறகு நான் கேட்கவில்லை.